கெஜட்டில் பெயர் மாறிவிட்டது, மார்க் ஷீட்டில் மாற்றுவது எப்படி? சி.பி.எஸ்.இ.யில் படித்தவர்களுக்கு

அரசிதழில் பெயர் மாற்ற அறிவிப்பு வெளிவந்ததும் ஆதார், பான், வங்கிக் கணக்கு எல்லாம் ஒவ்வொன்றாக மாறிவிடும். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் மட்டும் மாறாது. அரசிதழ் நகலை எடுத்துக்கொண்டு படித்த பள்ளிக்குப் போனால் "இதை மட்டும் வைத்து ஒன்றும் செய்ய முடியாது" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். கேட்பவருக்குக் கோபம் வரும். அரசாங்கமே அச்சிட்டு வெளியிட்ட பிறகு இவர்கள் யார் மறுப்பதற்கு என்று தோன்றும்.

அதற்கான காரணம் அந்த அரசிதழிலேயே இருக்கிறது. தமிழ்நாடு அரசிதழின் பெயர் மாற்றப் பகுதியை எடுத்து, உங்கள் அறிவிப்பை விட்டுவிட்டு அதற்கு முன்னால் ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கும் சிறு குறிப்பைப் படியுங்கள். பெயர் மாற்ற விளம்பரங்களை வெளியிடுவதற்கு எந்தச் சட்டப் பொறுப்பையும் துறை ஏற்காது, அதன் விளைவுகளுக்கு அறிவிப்புக் கொடுத்தவரே முழுப் பொறுப்பு என்று அதில் எழுதுபொருள் மற்றும் அச்சுத்துறை சொல்லியிருக்கும். அந்தப் பகுதியே தனியாரும் தனியார் நிறுவனங்களும் தரும் விளம்பரங்களுக்கான பகுதிதான். அதாவது, "இன்று முதல் நான் இந்தப் பெயரால் அறியப்படுவேன்" என்று நீங்கள் சொன்னதை ஊரறிய வெளியிட்டிருக்கிறார்கள். சரிதான் என்று அரசு தீர்ப்புச் சொல்லவில்லை. மார்க் ஷீட்டோ தேர்வு எழுதிய அன்று வாரியத்தின் பதிவேட்டில் என்ன பெயர் இருந்தது என்பதற்கான சான்று. இன்று நீங்கள் செய்த அறிவிப்பு அன்றைய பதிவைத் தானாக மாற்றிவிடாது. மாற்ற வழி இருக்கிறது, ஆனால் அரசிதழ் அந்த வழியில் ஒரு படி மட்டும்தான்.

இந்தக் கட்டுரை மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தில், அதாவது சி.பி.எஸ்.இ.யில், பத்தாவதோ பன்னிரண்டாவதோ முடித்து, அதன்பிறகு பெயரை மாற்றிக்கொண்டவர்களுக்கு. ஸ்டேட் போர்டில் படித்தவர்களுக்கும் திருநர்களுக்கும் உள்ள வேறுபாட்டைத் தனியாகச் சொல்கிறேன்.

உங்கள் கோரிக்கை எந்த வகை

இதை முடிவு செய்யாமல் ஒரு விண்ணப்பமும் எழுதாதீர்கள். எந்தக் காகிதங்கள் வேண்டும், நீதிமன்றம் போக வேண்டுமா என்பதெல்லாம் இதைப் பொறுத்தவை.

2021 ஜூன் 3 அன்று உச்ச நீதிமன்றம் ஜிக்யா யாதவ் எதிர் சி.பி.எஸ்.இ. என்ற வழக்கில் தீர்ப்பளித்தது. ஒருவர் தன் பெயரைத் தானே தேர்ந்துகொள்வது அரசியலமைப்பின் 19(1)(அ) பிரிவு தரும் கருத்துரிமையில் அடங்கும் என்று அதில் சொன்னது. அதற்கு முன் வாரியத்தின் விதி மிகக் கடுமையாக இருந்தது. நீதிமன்ற உத்தரவு, அரசிதழ் அறிவிப்பு இரண்டுமே தேர்வு முடிவு வெளியாவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும் என்றது விதி. பதினைந்து வயதுப் பிள்ளை பரீட்சைக்கு முன் இதையெல்லாம் முடித்திருக்க வேண்டும் என்பது நியாயமில்லை என்று நீதிமன்றம் அந்தக் கெடுவை ஏற்கவில்லை. வாரியத்துக்கு வரும் கோரிக்கைகளை வகைப்படுத்தி, எதற்கு என்ன கேட்கலாம் என்றும் வரையறுத்தது.

முதல் வகை, பள்ளிப் பதிவேட்டில் பெயர் சரியாக இருந்து மார்க் ஷீட்டில் மட்டும் தவறாக வந்திருப்பது. எழுத்து விட்டுப்போயிருக்கலாம், இனிஷியல் மாறியிருக்கலாம். இது திருத்தம். இதற்கு நீதிமன்றமும் வேண்டாம், அரசிதழும் வேண்டாம். பள்ளியின் சேர்க்கைப் பதிவேடே போதும். இந்த வகையில் இருப்பவர் தெரியாமல் அரசிதழில் பெயர் மாற்றம் போட்டுவிட்டால் சிக்கலைத் தானே இழுத்துக்கொள்கிறார். "என் பெயர் முதலிலிருந்தே இதுதான்" என்று வாதிட வேண்டியவர், "நான் பெயரை மாற்றிக்கொண்டேன்" என்று எழுதிக் கொடுத்தது போல ஆகிவிடும்.

இரண்டாம் வகை, பள்ளிப் பதிவேட்டிலேயே ஒரு பெயர், பிறப்புச் சான்றிதழிலும் ஆதாரிலும் வேறு பெயர். பள்ளியில் சேர்த்தபோது வீட்டில் கூப்பிடும் பெயரைக் கொடுத்துவிட்டவர்கள் இதில் வருவார்கள். பொது ஆவணத்தில் உள்ள பெயருக்கு ஏற்ப மார்க் ஷீட்டை மாற்றக் கேட்கலாம். பிரமாணப் பத்திரம், அரசிதழ் வெளியீடு போன்றவற்றை வாரியம் கேட்க முடியும்.

மூன்றாம் வகை, பிறப்புச் சான்றிதழிலும் பள்ளியிலும் பழைய பெயர்தான், பின்னாளில் விருப்பப்பட்டுப் புதுப் பெயர் வைத்துக்கொண்டது. எண் கணிதம், மதமாற்றம், பிடிக்காத பெயர், சாதியைச் சொல்லும் பின்னொட்டை விடுவது எல்லாம் இதில் அடங்கும். இந்த வகைக்குத் தீர்ப்பு தெளிவாக இரண்டைக் கேட்கிறது. ஒன்று, நீதிமன்றத்தின் அனுமதி அல்லது விளம்புகை, அதாவது உங்கள் பெயர் இதுதான் என்று நீதிமன்றமே உறுதி செய்யும் அறிவிப்பு. இன்னொன்று, அரசிதழ் வெளியீடு. இவற்றோடு பழைய மார்க் ஷீட்டை ஒப்படைத்து, உரிய கட்டணமும் கட்ட வேண்டும்.

அரசிதழ் கையில் இருப்பவர்களில் பெரும்பாலோர் மூன்றாம் வகைதான். அதனால் இனி வருவது அவர்களை மனத்தில் வைத்து எழுதியது. விளக்க ஒரு கற்பனை ஆளை எடுத்துக்கொள்வோம். கோவையில் ஒரு சி.பி.எஸ்.இ. பள்ளியில் 2016இல் பத்தாவதும் 2018இல் பன்னிரண்டாவதும் முடித்த மாரியம்மாள், இப்போது அரசிதழ் வழியாக மதிவதனி ஆகியிருக்கிறார். மார்க் ஷீட்டில் MARIAMMAL S என்று இருக்கிறது. தகப்பனார் பெயர் சண்முகம்.

திருமணத்துக்குப் பிறகு கணவர் பெயரை இனிஷியலாகச் சேர்த்துக்கொண்டவர்களுக்கு ஒரு வார்த்தை. மார்க் ஷீட்டை மாற்ற வேண்டாம். தேர்வு எழுதியபோது இருந்த பெயருக்கும் இன்றைய பெயருக்கும் இணைப்பாகத் திருமணச் சான்றிதழ் இருக்கிறது, பெரும்பாலான இடங்களில் அதுவே போதும். இதற்காக வழக்குப் போடுவது வீண் செலவு என்பது என் உறுதியான கருத்து.

அரசிதழ்ப் பக்கத்தை மார்க் ஷீட்டோடு வைத்துப் பாருங்கள்

பெயர் மாற்ற அறிவிப்புகள் தமிழ்நாடு அரசிதழின் பகுதி 6, பிரிவு 4இல் வரும். அச்சுத்துறையின் stationeryprinting.tn.gov.in தளத்திலும் அந்த இதழ்கள் கிடைக்கும். உங்கள் பக்கத்தையும் மார்க் ஷீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள்.

பழைய பெயரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். புதுப் பெயரை எல்லோரும் கவனமாகச் சரிபார்ப்பார்கள், பழையதை விட்டுவிடுவார்கள். மாரியம்மாளின் மார்க் ஷீட்டில் இனிஷியல் பெயருக்குப் பின்னால் இருக்கிறது. அரசிதழில் S. MARIAMMAL என்று முன்னால் வந்திருந்தால் பொதுவாக யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் அரசிதழில் MARIYAMMAL என்று ஒரு எழுத்து கூடியிருந்தால், வாரியத்தின் பார்வையில் பெயர் மாற்றிக்கொண்டவர் வேறொருவர். ஆதாரைப் பார்த்து அரசிதழ் விண்ணப்பத்தை நிரப்பியவர்களுக்குத்தான் இது நடக்கும். மார்க் ஷீட்டை மாற்றும் எண்ணம் இருந்தால் பழைய பெயரை மார்க் ஷீட்டில் உள்ளபடியேதான் எழுத வேண்டும்.

அடுத்தது பிறந்த தேதி, தகப்பனார் பெயர். இரண்டும் மார்க் ஷீட்டில் உள்ளபடியே அரசிதழிலும் இருக்க வேண்டும். தகப்பனாரும் பெயர் மாற்றியிருந்தால் அது வேறு கோரிக்கை. உங்கள் அறிவிப்பு உங்கள் பெயரை மட்டும்தான் பேசும்.

இனிஷியலை எப்படி வைப்பது என்பதை இந்தக் கட்டத்திலேயே முடிவு செய்துவிடுங்கள். புதுப் பெயர் மதிவதனி ச. ஆகவே இருக்கட்டுமா, மதிவதனி சண்முகம் என்று விரிக்கட்டுமா? பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்துப் போட வேண்டி வருவதால் வெளிநாடு போகும் எண்ணம் உள்ளவர்களுக்கு விரித்த வடிவம் வசதி. எதுவானாலும் அரசிதழ், ஆதார், நீதிமன்ற மனு, வாரிய விண்ணப்பம் நான்கிலும் ஒரே வடிவம் இருக்கட்டும். பிழை ஏதும் கண்ணில் பட்டால் தாமதிக்காமல் அச்சுத்துறைக்கு எழுதிப் பிழைதிருத்த அறிவிப்புக் கேளுங்கள். தவறான அரசிதழோடு வழக்குப் போட்டால் தீர்ப்பிலும் அதே பிழை ஏறிக்கொள்ளும்.

மாநில அரசிதழ் போதுமா, மத்திய அரசிதழ் வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். தீர்ப்பு அரசிதழ் என்றுதான் சொல்கிறது, எது என்று பிரிக்கவில்லை. இருந்தாலும் வாரியத்தின் சென்னை மண்டல அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதி, பதிலை எழுத்தில் வாங்கிவைப்பது நல்லது. பின்னால் யாராவது ஆட்சேபித்தால் காட்ட ஒரு காகிதம் இருக்கும்.

நீதிமன்ற விளம்புகை

இந்தப் படிதான் ஆட்களைப் பயமுறுத்துவது. உண்மையில் இது எதிரிகள் மோதிக்கொள்ளும் வழக்கு அல்ல. உரிமையியல் நீதிமன்றத்தில், பெரும்பாலும் மாவட்ட முன்சீப் நீதிமன்றத்தில், 1963ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வழிச் சட்டம் 34ஆம் பிரிவின்படி ஒரு விளம்புகை வழக்குத் தாக்கல் செய்ய வேண்டும்.

மனுவில் என்ன கேட்கிறோம் என்பது மிக முக்கியம். "என் பெயர் மதிவதனி என்று அறிவிக்க வேண்டும்" என்று மட்டும் கேட்டால் போதாது. மாரியம்மாள் விஷயத்தில் இப்படிக் கேட்கலாம்: மார்க் ஷீட்டில் மாரியம்மாள் ச. என்று குறிப்பிடப்பட்டவரும் மதிவதனி ச. என்பவரும் ஒருவரே என்று விளம்ப வேண்டும். வாதியின் இப்போதைய பெயர் மதிவதனி ச. என்று விளம்ப வேண்டும். அதன்படி 2016, 2018ஆம் ஆண்டுச் சான்றிதழ்களில் பெயரைப் பதிவு செய்யுமாறு வாரியத்துக்குக் கட்டளையிட வேண்டும். மூன்றாவது கோரிக்கையை விட்டுவிட்ட தீர்ப்போடு போனால், "பெயரை விளம்பியிருக்கிறார்கள், எங்களுக்கு உத்தரவு இல்லையே" என்ற பதில் வர இடம் இருக்கிறது. தேர்வுப் பதிவெண்ணும் ஆண்டும் மனுவில் கட்டாயம் இருக்கட்டும். அவை தீர்ப்பிலும் வந்தால், எந்தப் பதிவை மாற்ற வேண்டும் என்று வாரியத்தில் யாரும் தேட வேண்டியதில்லை.

வாரியத்தின் மண்டல அதிகாரியையும் பள்ளி முதல்வரையும் பிரதிவாதிகளாகச் சேர்க்க வேண்டும். வாரியத்தைச் சேர்க்காமல் வாங்கிய தீர்ப்பு அவர்களைக் கட்டுப்படுத்தாது. செலவும் நேரமும் குறையட்டும் என்று யாராவது இதைத் தவிர்க்கச் சொன்னால் கேட்காதீர்கள். மாநில அரசையும் ஒரு பிரதிவாதியாகச் சேர்ப்பதாக இருந்தால் உரிமையியல் நடைமுறைச் சட்டம் 80ஆம் பிரிவின்படி இரண்டு மாத முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டியிருக்கும். அரசைச் சேர்ப்பது அவசியமா என்று வழக்கறிஞரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

வழக்கில் ஆவணங்களாகக் குறிக்க வேண்டியவை அதிகமில்லை. அரசிதழின் அசல் இதழ், மார்க் ஷீட்டுகள், பிறப்புச் சான்றிதழ், புதுப் பெயரில் உள்ள ஆதாரும் பானும், பள்ளி மாற்றுச் சான்றிதழ். நீங்கள் சாட்சி சொல்ல வேண்டும். தாயோ தகப்பனாரோ வந்து "இரண்டு பெயரும் என் மகளுடையதுதான்" என்று சொன்னால் வழக்கு வலுப்படும்.

வாரியத் தரப்பில் பழைய விதியைக் காட்டி எதிருரை தாக்கல் செய்தால் கலங்க வேண்டாம். ஜிக்யா யாதவ் தீர்ப்பை உங்கள் வழக்கறிஞர் முன்வைக்கட்டும். அது சிவில் மேல்முறையீடு எண் 3905, ஆண்டு 2011. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளைத் தொகுக்கும் எஸ்.சி.சி. வெளியீட்டின் 2021ஆம் ஆண்டுத் தொகுப்பில் 7ஆம் தொகுதி, 535ஆம் பக்கத்தில் இருக்கிறது. நகல் எடுத்துக் கையோடு கொடுத்துவிடுங்கள்.

தீர்ப்பு வந்ததும், தீர்ப்பு, அதன் முடிவை உத்தரவாக எழுதிய தீர்ப்பாணை இரண்டுக்கும் சான்றிட்ட நகல் கேட்டு மனுப் போடுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட நகல் வாங்கிக்கொள்ளுங்கள். வாரியத்துக்கு ஒன்று போய்விடும், பிறகு பல்கலைக்கழகம் கேட்கும்போது இன்னொன்று வேண்டும்.

பள்ளி வழியாக வாரியத்துக்கு

விண்ணப்பம் நேரடியாக வாரியத்துக்குப் போவதில்லை, தேர்வு எழுதிய பள்ளியின் முதல்வர் மூலமாகத்தான் போகிறது. பத்தாவதும் பன்னிரண்டாவதும் வேறு வேறு பள்ளி என்றால் அந்தந்தப் பள்ளி மூலம் அந்தந்தச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

பள்ளியில் கேட்டு வாங்க வேண்டியவை: சேர்க்கை விண்ணப்பத்தின் நகல், சேர்க்கை மற்றும் நீக்கல் பதிவேட்டில் உங்கள் பெயர் உள்ள பக்கத்தின் நகல், மாற்றுச் சான்றிதழின் அலுவலக நகல். எல்லாவற்றிலும் முதல்வர் கையெழுத்தும் முத்திரையும் இருக்க வேண்டும். இவற்றில் பழைய பெயர்தான் இருக்கும், அப்படித்தான் இருக்கவும் வேண்டும். விண்ணப்பிப்பவர் அந்தப் பள்ளியில் படித்த அதே ஆள்தான் என்று காட்டவே இவை. சில பள்ளிகளில் நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு பதிவேட்டில் பழைய பெயரை அடித்துப் புதுப் பெயரை எழுதிவிடுவார்கள். தயவுசெய்து அதைத் தடுத்துவிடுங்கள். அடித்தல் திருத்தல் உள்ள பதிவேட்டு நகலைப் பார்த்ததும் வாரியத்துக்குச் சந்தேகம் வரும், விளக்கம் கேட்டுக் கடிதம் போகும், அதோடு கோப்பு அங்கேயே நின்றுவிடும்.

பள்ளி அலுவலகத்தில் இருப்பவருக்கு இது வழக்கமான வேலை இல்லை. பொதுவாக அவர் பார்ப்பது எழுத்துப் பிழைத் திருத்தங்களைத்தான். அதே படிவத்தில் உங்களையும் எழுத்துப் பிழையாக நிரப்பி அனுப்பிவிடக்கூடும். அப்படிப் போனால், பதிவேட்டில் உள்ள பெயரும் கேட்கும் பெயரும் ஒத்துப்போகவில்லை என்று வாரியம் நிராகரித்துவிடும். எனவே முகப்புக் கடிதத்தை நீங்களே எழுதிக் கொண்டுபோங்கள். அதன் முதல் வரியிலேயே "இது எழுத்துப் பிழைத் திருத்தம் அல்ல, நீதிமன்றத் தீர்ப்பின் அடிப்படையிலான பெயர் மாற்றம்" என்று இருக்கட்டும். வழக்கு எண், நீதிமன்றத்தின் பெயர், தீர்ப்புத் தேதி, அரசிதழ் தேதி நான்கையும் அடுத்தடுத்த வரிகளில் போடுங்கள். மேசையில் இருப்பவர் படிப்பது பெரும்பாலும் அந்த முதல் பக்கம்தான்.

கட்டணம் எவ்வளவு, எப்படிக் கட்டுவது என்பதை விண்ணப்பிக்கும் அன்று cbse.gov.in தளத்தில் பார்த்துக் கட்டுங்கள். யாரோ எப்போதோ சொன்ன தொகையை நம்பிக் கட்டிவிட்டு, குறைகிறது என்று திரும்பி வந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அசல் மார்க் ஷீட்டை ஒப்படைக்க வேண்டும் என்று சொன்னேன் அல்லவா? அதைக் கொடுப்பதற்கு முன் இரண்டு பக்கமும் வண்ண நகல் எடுத்து, நோட்டரியிடம் சான்றொப்பம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரியிலும் வேலையிலும் பழைய பெயரில்தான் உங்கள் கோப்பு இருக்கிறது. இடைப்பட்ட காலத்தில் யாராவது கேட்டால் காட்ட அந்த நகல்தான் இருக்கும். அசல் தொலைந்துபோயிருந்தால் முதலில் பழைய பெயரிலேயே இரண்டாம் பிரதி வாங்கி, அதை ஒப்படைக்கலாம். தீர்ப்பு அதை ஏற்கிறது.

விண்ணப்பத்தைப் பள்ளியில் கொடுத்ததும் ஒப்புகை வாங்குங்கள். பள்ளி எந்தத் தேதியில், எந்தக் கடித எண்ணில் மண்டல அலுவலகத்துக்கு அனுப்பியது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். நெடுநாள் பதில் இல்லை என்றால் அந்த எண்ணைக் குறிப்பிட்டுத் தகவல் உரிமைச் சட்டப்படி வாரியத்திடம் கேளுங்கள். வாரியம் மத்திய அரசின் கீழ் வருவதால் rtionline.gov.in தளத்தில் 10 ரூபாய் கட்டி மனுப் போடலாம், 30 நாளில் பதில் வர வேண்டும். "என் பெயரை ஏன் மாற்றவில்லை" என்று கேட்காதீர்கள். "இந்தத் தேதியிட்ட, இந்த எண்ணுள்ள கடிதத்தின் மீது இதுவரை எடுத்த நடவடிக்கையின் கோப்புக் குறிப்பு நகல் தருக" என்று கேளுங்கள். கோப்பு எந்த மேசையில், எந்தக் காகிதத்துக்காக நிற்கிறது என்று அதில் தெரிந்துவிடும்.

இடையில் வேலைக்கோ மேற்படிப்புக்கோ விண்ணப்பித்தால்

இவ்வளவும் முடிய நாளாகும். அதுவரை எந்தப் பெயரில் விண்ணப்பிப்பது?

பத்தாவது சான்றிதழில் உள்ளபடி பெயர் என்று கேட்கும் இடத்தில் பழைய பெயரைத்தான் எழுத வேண்டும், அந்தச் சான்றிதழ் மாறும் வரை. மத்திய அரசு வேலைகளுக்கான எஸ்.எஸ்.சி. போன்ற தேர்வுகளின் பதிவில் பெயரை எப்போதாவது மாற்றியிருக்கிறீர்களா என்று தனியாகவே ஒரு கேள்வி இருக்கும். அங்கே ஆம் என்று சொல்லிப் புதுப் பெயரைக் கொடுக்க வேண்டும். சான்றிதழ் சரிபார்ப்புக்கு அரசிதழ் அசலோடு போக வேண்டும். அந்தக் கேள்விக்கு இல்லை என்று சொல்லிவிட்டு, பிறகு ஆதாரில் வேறு பெயரோடு போய் நின்றால் மறைத்ததாக ஆகிவிடும்.

தனியார் நிறுவனங்களுக்கு மார்க் ஷீட், அரசிதழ் நகல், இரண்டு பெயரும் ஒருவருடையதே என்ற நோட்டரி பிரமாணப் பத்திரம் மூன்றையும் சேர்த்துக் கொடுத்தால் பொதுவாக ஏற்றுக்கொள்கிறார்கள். உங்களுக்குத் தேவை இவ்வளவுதான் என்றால், நீதிமன்றம் வரை போகத்தான் வேண்டுமா என்று ஒருமுறை யோசித்துக்கொள்ளுங்கள். பழைய பெயர் ஒவ்வொரு முறையும் கண்ணில் படுவதே வலியாக இருப்பவர்களும் உண்டு, அவர்களுக்கு இந்த அலைச்சல் அவசியமானது. வெறும் வசதிக்காக என்றால் அந்த மூன்று காகிதங்களே பல ஆண்டு ஓட்டிவிடும்.

ஸ்டேட் போர்டும் திருநர்களும்

தமிழ்நாட்டு மாநில வாரியத்தில் படித்தவர்களின் பதிவு சென்னை நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் உள்ள அரசுத் தேர்வுகள் இயக்ககத்தில் இருக்கிறது. பள்ளிப் பதிவேட்டுக்கும் மார்க் ஷீட்டுக்கும் உள்ள வேறுபாட்டைத் தலைமையாசிரியர் வழியாக அங்கே திருத்திக்கொள்ளலாம். ஆனால் தேர்வு முடிந்த பிறகு விருப்பப்பட்டு மாற்றிய பெயரை அரசிதழைக் கொண்டு மட்டும் மார்க் ஷீட்டில் ஏற்றுவது பொதுவாக நடப்பதில்லை. பழைய சான்றிதழோடு அரசிதழைச் சேர்த்தே காட்டிக்கொள்ள வேண்டியதுதான். அப்படியும் மாற்றியே ஆக வேண்டும் என்றால் எழுத்தில் மறுப்பு வாங்கிக்கொண்டு உயர் நீதிமன்றம் போக வேண்டும். ஜிக்யா யாதவ் தீர்ப்பு சி.பி.எஸ்.இ. விதிகளைப் பற்றியது என்றாலும் பெயர் உரிமை பற்றி அது சொன்ன கொள்கையை அங்கும் வாதிடலாம்.

எனவே, பிள்ளைக்கு இன்னும் பத்தாவது பொதுத் தேர்வு வரவில்லை என்றால் இப்போதே மாற்றிவிடுங்கள். எந்த வாரியமானாலும் தேர்வுக்கு முன் பள்ளிப் பதிவேட்டில் மாற்றுவது பல மடங்கு எளிது. சி.பி.எஸ்.இ.யில் ஒன்பதாம் வகுப்பில் வாரியத்துக்குப் பதிவு செய்யும் பெயர்தான் மார்க் ஷீட் வரைக்கும் போகும். அந்தப் பதிவு நடப்பதற்கு முன் அரசிதழ் கையில் இருக்க வேண்டும்.

திருநர்களுக்கு வழி வேறு. 2019ஆம் ஆண்டு திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட ஆட்சியர் அடையாளச் சான்றிதழ் தருகிறார். அதைப் பெற்றவர் தன் அலுவல் ஆவணங்களில் முதற்பெயரை மாற்றிக்கொள்ள உரிமையுள்ளவர் என்று சட்டமே சொல்கிறது. 2020ஆம் ஆண்டு விதிகளின் இணைப்பில் அந்த ஆவணங்களின் பட்டியலில் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ்களும் இருக்கின்றன. விளம்புகை வழக்குத் தேவையில்லை. விண்ணப்பத்தோடு சட்டத்தின் 7ஆம் பிரிவையும் விதிகளின் அந்த இணைப்பையும் நகலெடுத்து வையுங்கள். அலுவலகத்தில் பலருக்கு அது தெரியாது.

புதிய சான்றிதழ் கைக்கு வந்ததும்

கவரைப் பிரித்ததும் புதுப் பெயரின் எழுத்து, பிறந்த தேதி, பெற்றோர் பெயர், பதிவெண், மதிப்பெண்கள் எல்லாவற்றையும் பழைய நகலோடு ஒப்பிடுங்கள். பெயரை மாற்றும்போது வேறொரு கட்டத்தில் தட்டச்சுப் பிழை ஏறிவிட்டால் உடனே திருப்பி அனுப்ப வேண்டும்.

புதிய சான்றிதழில் பழைய பெயரும் ஒரு குறிப்பாக, மாற்றம் செய்த தேதியோடு இருந்தால் அது பிழையில்லை. முந்தைய பதிவைத் தக்கவைத்து, பிற்பாடு மாறியது என்று குறிப்பிட்டு வழங்கலாம் என்றுதான் உச்ச நீதிமன்றம் சொன்னது. இது ஒரு வகையில் உங்களுக்கே பாதுகாப்பு, பழைய பெயரில் வாங்கிய பட்டமும் அனுபவச் சான்றிதழும் உங்களுடையவைதான் என்பதற்கு அந்தக் குறிப்பே சாட்சி. பழைய பெயர் அறவே தெரியக்கூடாது என்பவர்கள், மறக்கப்படும் உரிமையின் பேரில், அதாவது தன்னைப் பற்றிய பழைய விவரம் பிறருக்குத் தெரியாமல் நீக்கக் கேட்கும் உரிமையின் பேரில், அதைக் கேட்க வேண்டும். தீர்ப்பு அதற்கு விலக்கு வைத்திருக்கிறது. ஆனால் நீதிமன்ற மனுவிலேயே அந்தக் கோரிக்கையைச் சேர்த்திருக்க வேண்டும், சான்றிதழ் அச்சான பிறகு கேட்டால் எல்லாம் மறுபடி தொடக்கம்தான்.

அப்புறம் டிஜிலாக்கரில் உள்ள மார்க் ஷீட்டைத் திறந்து பாருங்கள். அதிலும் புதுப் பெயர் வந்திருக்க வேண்டும். காகிதம் ஒரு பெயரையும் டிஜிலாக்கர் வேறொரு பெயரையும் காட்டினால், இணையத்தில் சரிபார்க்கும் நிறுவனங்கள் உங்களைத்தான் சந்தேகிக்கும். மண்டல அலுவலகத்துக்கு எழுதி அதையும் சரி செய்யச் சொல்லுங்கள்.

பல்கலைக்கழகத்துக்குக் கடைசியில்தான் போக வேண்டும். பட்டச் சான்றிதழில் பெயரைப் பள்ளிச் சான்றிதழைப் பார்த்துத்தான் எழுதுகிறார்கள். மாறிய பத்தாவது, பன்னிரண்டாவது சான்றிதழ்கள், தீர்ப்பின் சான்றிட்ட நகல், அரசிதழ் எல்லாவற்றோடும் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். இன்னும் படித்துக்கொண்டிருப்பவர் என்றால் பட்டமளிப்புக்குப் பெயர்ப் பட்டியல் போவதற்குள் கொடுத்துவிடுங்கள். பட்டச் சான்றிதழ் அச்சான பிறகு மாற்றுவதற்கு அங்கேயும் தனி விதி, தனிக் கட்டணம், தனி அலைச்சல்.